அயோடின் குறையும் கோடு: வரைபடத்திலிருந்து வினை வகைக்கு

வேதிவினை வேகவியல் சோதனை செய்யும் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளில் விவாதப் பகுதி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: ‘வரைபடம் நேர்கோடாக அமைந்தது, எனவே இது பூஜ்ய வகை வினை.’ மதிப்பெண் போடுபவர் தலையசைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் கேள்விகள் வரிசையாக எழும். எந்த வரைபடம்? எந்தப் பொருளின் செறிவு? வினை எவ்வளவு தூரம் நடந்து முடியும்வரை அளந்தார்கள்? ‘வினை’ பூஜ்ய வகை என்றால், வினையில் பங்கேற்கும் எல்லாப் பொருள்களையும் பொறுத்தா, ஒன்றைப் பொறுத்தா?

வினை வகை என்பது ஒரு பொருளின் செறிவை மாற்றினால் வினையின் வேகம் எந்த அளவுக்கு மாறுகிறது என்பதைச் சொல்லும் எண். செறிவை இரு மடங்காக்கியும் வேகம் மாறவில்லை என்றால் அந்தப் பொருளைப் பொறுத்து வகை பூஜ்யம். வேகமும் இரு மடங்கானால் வகை ஒன்று. நான்கு மடங்கானால் இரண்டு. சமன்பாட்டை எழுதிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் அறிய வேண்டும். அளந்த எண்களிலிருந்து வகைக்குப் போகிற வழியைத்தான் விவாதப் பகுதி காட்ட வேண்டும்.

இதற்கு அசிட்டோனும் அயோடினும் சேரும் வினையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலமாகச் செய்யப்படும் சோதனை அது. சமன்பாடு எளிமையானது:

CH₃COCH₃ + I₂ → CH₃COCH₂I + HI

அசிட்டோன் ஒன்று, அயோடின் ஒன்று. இதைப் பார்க்கும் எவரும் வேகம் இரண்டையும் சார்ந்திருக்கும் என்றுதான் நினைப்பார்கள். அமிலம் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் இல்லவே இல்லை, வினையூக்கியாக ஊற்றப்படுகிறது. அளந்து பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

கீழே வரும் எண்கள், 25 டிகிரி செல்சியஸில் இந்த வினை நடக்கும் வேகத்தை ஒட்டி விளக்கத்துக்காக அமைத்த மாதிரிக் கணக்கு. கலவையில் அசிட்டோன் 0.80 மோலார், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.40 மோலார், அயோடின் 0.0040 மோலார். அயோடின் தனியே நீரில் சரியாகக் கரையாது என்பதால் பொட்டாசியம் அயோடைடுடன் சேர்த்துக் கரைத்திருப்பார்கள். இந்த மூன்று எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அசிட்டோன் அயோடினைப் போல 200 மடங்கு இருக்கிறது, அமிலம் 100 மடங்கு. அயோடின் முழுவதும் தீர்ந்துபோனாலும் அசிட்டோனில் குறைவது அரை விழுக்காடுதான். அதாவது, சோதனை நடக்கும் நேரத்தில் கண்ணில் படும்படி செறிவு மாறுவது அயோடினுக்கு மட்டும். மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. இந்த ஏற்பாட்டை மறந்துவிட்டால் பின்னால் எழுதும் முடிவு தடம் மாறிவிடும்.

நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லிலிட்டர் கலவையைப் பிப்பெட்டில் எடுத்து, சோடியம் பைகார்பனேட் கரைசல் உள்ள குடுவையில் விடுகிறார்கள். கலவை நுரைத்து எழும், அமிலம் நடுநிலையாகும், அமிலம் இல்லாமல் வினை ஏறக்குறைய நின்றுவிடும். பிறகு அவசரமில்லாமல் 0.010 மோலார் சோடியம் தயோசல்பேட்டால் தரம் பார்க்கலாம். பழுப்பு நிறம் வெளிறி வைக்கோல் மஞ்சளானதும் ஸ்டார்ச் சேர்க்க, கருநீலம் தோன்றும். அது மறையும் துளியில் பியூரெட்டை மூட வேண்டும். தொடக்கத்தில் 8.0 மில்லிலிட்டர் செலவாகும். அடுத்தடுத்த நிமிடங்களில் இது சுமார் ஒரு மில்லிலிட்டராகக் குறைந்துகொண்டே வரும். வினையில் உண்டாகும் அயோடோஅசிட்டோன் கண்ணில் நீர் வரவழைக்கும் பொருள் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்வது நல்லது.

பியூரெட் அளவுகளைச் செறிவாக மாற்றினால், பூஜ்யம் தொடங்கி ஏழாவது நிமிடம் வரை அயோடின் செறிவு மில்லிமோலாரில் இப்படி அமைகிறது: 4.00, 3.47, 2.91, 2.39, 1.83, 1.31, 0.75, 0.23.

கிடைமட்ட அச்சில் நேரத்தையும் செங்குத்து அச்சில் செறிவையும் குறித்தால் எட்டுப் புள்ளிகளும் ஸ்கேல் வைத்தாற்போல ஒரே கோட்டில் இறங்குகின்றன. சாய்வு நிமிடத்துக்கு 0.54 மில்லிமோலார். முதல் நிமிடத்தில் அயோடின் நிறைய இருந்தபோதும் அதே வேகம்தான், ஏழாவது நிமிடத்தில் கிட்டத்தட்டத் தீரும் நிலையிலும் அதே வேகம்தான். செறிவு நேரத்தோடு நேர்கோட்டில் குறைந்தால் வேகம் மாறவில்லை என்று பொருள். அயோடின் பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கியும் வேகம் அசையவில்லை என்றால், அயோடினைப் பொறுத்து வகை பூஜ்யம்.

முதல் வகையாக இருந்திருந்தால் கோடு எப்படி வந்திருக்கும் என்று ஒருமுறை கற்பனை செய்து பார்ப்பது, விவாதத்துக்கு வலு சேர்க்கும். நான்கு மில்லிமோலார் இரண்டாகக் குறைய இங்கே சுமார் 3.7 நிமிடம் ஆகிறது. முதல் வகையில் அரை வாழ்காலம் மாறாது, ஆகவே இரண்டு ஒன்றாகக் குறைய மறுபடியும் 3.7 நிமிடம் ஆகும், அதன் பிறகும் வால் நீண்டுகொண்டே போகும். நம் எண்களில் இரண்டு ஒன்றாவதற்கு 1.85 நிமிடமே போதுமாக இருக்கிறது. அரை வாழ்காலம் ஒவ்வொரு முறையும் பாதியாகிறது. முதல் வகையாக இருந்திருந்தால் 7.4 நிமிடத்தில் இன்னும் ஒரு மில்லிமோலார் மிஞ்சியிருக்கும். இங்கே அந்த நேரத்தில் அயோடின் தீர்ந்தே போகிறது. ‘நேர்கோடு’ என்று எழுதுவதோடு இந்த ஒப்பீட்டையும் இரண்டு வரியில் எழுதினால், எழுதியவர் தம் வரைபடத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நேர்கோடு என்று சொல்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மிக அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆய்வக நேரம் போதவில்லை, நான்காவது நிமிடத்தோடு சோதனையை நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. இப்போது யாரோ ஒருவர் முதல் வகையைச் சோதிக்க, செறிவின் இயல்மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைகிறார். மதிப்புகள் 1.386, 1.244, 1.068, 0.871, 0.604. கணினி விரிதாளில் கோடு பொருத்தச் சொன்னால் R² 0.986 என்று காட்டும். ‘R² ஒன்றுக்கு மிக அருகில் உள்ளது, எனவே முதல் வகை’ என்று எழுதிவிடலாம் போலிருக்கும். எண்கள் பூஜ்ய வகையைச் சேர்ந்தவை என்பது நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் தவறான வரைபடம் 0.986 என்ற மதிப்பெண்ணை வாங்கிவிடுகிறது.

காரணம் எளிது. எந்த வளைகோட்டையும் ஒரு சிறு துண்டாக வெட்டி எடுத்தால் அது நேர்கோடு போலத்தான் தெரியும். வினை பாதி நடந்து முடியும் முன் நிறுத்திவிட்டால், பூஜ்ய வகையையும் முதல் வகையையும் பிரித்தறியும் அளவுக்கு வளைவு வெளிப்படுவதில்லை. அதே இயல்மடக்கை வரைபடத்தை எட்டுப் புள்ளிகளுக்கும் வரைந்தால் R² 0.86 ஆகச் சரிந்துவிடும். முதல் நிமிடத்தில் 0.14 மட்டுமே இறங்கிய கோடு, கடைசி நிமிடத்தில் 1.18 இறங்குகிறது, கண்ணாலேயே பார்க்கலாம். வகையை நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால் வினை குறைந்தது முக்கால் பங்கு நடந்து முடியும்வரை அளந்திருக்க வேண்டும். விவாதப் பகுதியில் ‘அயோடினில் 94 விழுக்காடு தீரும்வரை அளவுகள் எடுக்கப்பட்டன’ என்ற ஒரு வரி, R² மதிப்பைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

ஐந்து புள்ளிகள்தான் இருக்கின்றன, திரும்பச் செய்ய வழியில்லை என்றாலும் உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பொருத்திய கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். இயல்மடக்கை வரைபடத்தில் முதல் புள்ளி கோட்டுக்குக் கீழே, அடுத்த மூன்றும் மேலே, கடைசிப் புள்ளி மறுபடி கீழே. விலகல்கள் வில் போல வளைந்திருக்கின்றன. அளவீட்டுப் பிழை இப்படி அணிவகுத்து நிற்காது. செறிவு-நேர வரைபடத்திலோ அதே ஐந்து புள்ளிகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஒழுங்கில்லாமல் விழுகின்றன. விலகலில் ஓர் ஒழுங்கு தெரிந்தால் தேர்ந்தெடுத்த வகை தவறு. ஒழுங்கு தெரியாவிட்டால் அந்த வகையை ஏற்கலாம்.

மடக்கை எடுக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. பியூரெட்டில் எல்லா அளவிலும் 0.05 மில்லிலிட்டர் அளவுக்குப் பிழை இருக்கலாம். தொடக்கத்தில் 8 மில்லிலிட்டரில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஏழாவது நிமிடத்தில் 0.46 மில்லிலிட்டரில் அதே பிழை 11 விழுக்காடு. சாதாரணச் செறிவு வரைபடத்தில் இரண்டு புள்ளிகளும் ஒரே அளவுதான் தள்ளாடும், ஆனால் மடக்கை வரைபடத்தில் கடைசிப் புள்ளி பெரிதாக ஆடும். ஆகவே முதல் வகை வினையில் மடக்கைக் கோட்டின் கடைசி ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் உடனே வேறு வகைக்குத் தாவ வேண்டாம். அந்த விலகல் பிழையின் எல்லைக்குள் அடங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் எண்களில் மடக்கைக் கோடு விலகுவது 11 விழுக்காட்டில் அடங்குவதில்லை, அதனால்தான் முதல் வகையைத் தயங்காமல் தள்ளிவிட முடிகிறது.

இப்போது செறிவு-நேர வரைபடம் தன் வேலையை முடித்துவிட்டது. அது சொன்னது ஒன்றுதான்: அயோடினைப் பொறுத்து வகை பூஜ்யம். ‘இது பூஜ்ய வகை வினை’ என்று எழுதினால், அந்த வரைபடத்தில் இடமே பெறாத அசிட்டோனைப் பற்றியும் அமிலத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அவை இரண்டும் சோதனை முழுவதும் மாறாமல் இருந்தன. மாறாத ஒன்றின் விளைவை அந்த வரைபடத்தில் தேட முடியாது. அவற்றை மாற்றித்தான் அறிய வேண்டும்.

அங்கேதான் மடக்கை-மடக்கை வரைபடம் வருகிறது. இரண்டு அச்சுகளிலும் மடக்கை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வேகம் செறிவின் ஏதோ ஓர் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது என்றால்,

வேகம் = k′ [A]ⁿ

இருபுறமும் மடக்கை எடுத்தால்,

log வேகம் = log k′ + n log [A]

அடுக்கில் இருந்த n கீழே இறங்கிச் சாய்வாகிவிடுகிறது. கிடைமட்ட அச்சில் செறிவின் மடக்கை, செங்குத்து அச்சில் வேகத்தின் மடக்கை, சாய்வே வினை வகை. இரண்டு செறிவுகளில் அளந்த வேகங்களை மடக்கையால் ஒப்பிட்டு வகையைக் காணும் இந்த வழியை, டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் 1884-இல் வெளியிட்ட வேதி இயக்கவியல் நூலிலிருந்து பாடப்புத்தகங்கள் பெற்றுக்கொண்டன. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குத்தான் போனது.

அமிலத்தை 0.40 மோலாரிலும் அயோடினை 0.0040 மோலாரிலும் நிறுத்திவைத்து, அசிட்டோனை மட்டும் 0.20, 0.40, 0.80, 1.60 மோலார் என்று மாற்றி நான்கு முறை சோதனை செய்கிறோம். ஒவ்வொன்றிலும் அயோடின் குறையும் கோட்டை வரைந்து சாய்வை எடுக்கிறோம். பொதுவாக வேகம் நேரத்தோடு மாறும் என்பதால், பூஜ்ய நேரத்தில் தொடுகோடு வரைந்து தொடக்க வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கையால் தொடுகோடு வரைவது பிழைக்குத் தாராளமாக இடம் கொடுக்கும் வேலை. இங்கே அயோடின் பூஜ்ய வகை என்பதால் அந்தச் சிரமம் இல்லை, முழுக் கோட்டின் சாய்வே வேகம். முதல் வரைபடம் சொன்ன முடிவு இரண்டாவது வரைபடத்துக்கு இப்படிக் கைகொடுக்கிறது. விவாதப் பகுதியில் இந்தத் தொடர்பை எழுதிக் காட்டுவது அவசியம், ஏனென்றால் மடக்கை-மடக்கை வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழுச் செறிவு-நேர வரைபடத்திலிருந்து வந்தது.

கிடைத்த வேகங்கள் நிமிடத்துக்கு 0.138, 0.264, 0.540, 1.04 மில்லிமோலார். மடக்கை எடுத்தால், செறிவுகள் −0.70, −0.40, −0.10, 0.20. வேகங்கள் −0.86, −0.58, −0.27, 0.02. நான்கு புள்ளிகளுக்கும் பொருந்தும் கோட்டின் சாய்வு 0.98.

இந்த 0.98-ஐ என்ன செய்வது? ‘ஏறத்தாழ 1’ என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். அதில் ஒரு நியாயம் வேண்டும். நான்கு புள்ளிகளின் சிதறலை வைத்துக் கணக்கிட்டால் 95 விழுக்காடு நம்பிக்கை எல்லை சுமார் ±0.06 வருகிறது. ஆகவே சாய்வு 0.92-க்கும் 1.04-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. ஒன்று இதற்குள் அடங்குகிறது. அரையும் ஒன்றரையும் அடங்கவில்லை. இதைச் சொன்ன பிறகு ‘எனவே அசிட்டோனைப் பொறுத்து வகை 1’ என்று எழுதினால் அது நிற்கும். பின்ன வகைகள் வேதியியலில் உண்மையாகவே உண்டு, கிடைத்த எண்ணை முழு எண்ணாக்கியே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சாய்வு 0.75 ± 0.06 என்று வந்திருந்தால் அதை ஒன்றாக்க முயல்வது எண்ணை வளைப்பதாகும். அப்போது வினை வழிமுறையையோ சோதனையையோதான் மறுபடி பார்க்க வேண்டும்.

இந்தச் சாய்வைக் கெடுக்கும் முதல் ஆள் வெப்பநிலை. ஒரு டிகிரி ஏறினாலே இந்த வினையின் வேகம் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடிவிடும். நீர்த்தொட்டி வைக்காமல், காலையில் குறைந்த செறிவில் தொடங்கி மதியத்தில் அதிகச் செறிவில் முடித்தால், அறை மூன்று டிகிரி சூடாகியிருக்கும்பட்சத்தில் சாய்வு 0.98-இலிருந்து 1.1-க்கு மேல் போய்விடும். புள்ளிகள் அப்போதும் அழகான நேர்கோட்டில்தான் இருக்கும், R² எதையும் காட்டிக்கொடுக்காது. சோதனைகளை ஏறுவரிசையில் செய்யாமல் கலைத்துச் செய்தால், வெப்பநிலை மாற்றம் சாய்வாக மாறாமல் சிதறலாக வெளிப்படும். எந்த வரிசையில் செய்தார்கள் என்பதை விவாதத்தில் குறிப்பிடுவது அதனால்தான் பொருளுடையது. இன்னொரு வரம்பும் உண்டு. 1.60 மோலார் என்பது நூறு மில்லிலிட்டர் கலவையில் கிட்டத்தட்ட 12 மில்லிலிட்டர் அசிட்டோன், அந்த அளவில் கரைப்பான் வெறும் நீர் இல்லை. கடைசிப் புள்ளி சற்றே தாழ்ந்திருந்தால் அதையும் நினைவில் கொள்ளலாம்.

கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடமும் பயனுள்ளது. அசிட்டோன் 1 மோலாராக இருக்கும்போது செறிவின் மடக்கை பூஜ்யம். அங்கே வேகம் நிமிடத்துக்கு சுமார் 0.66 மில்லிமோலார். அமிலச் செறிவு 0.40-ஆல் வகுத்து, நொடிக்கு மாற்றினால் வேக மாறிலி 2.75 × 10⁻⁵ M⁻¹ s⁻¹ கிடைக்கிறது. இப்படி வகுக்க, அமிலத்தைப் பொறுத்தும் வகை ஒன்று என்பது நிறுவப்பட்டிருக்க வேண்டும். அமிலத்தை மட்டும் மாற்றி இதே போல் இன்னொரு வரைபடம் வரைந்தால் சாய்வு ஒன்றை ஒட்டியே வரும், அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அயோடினை மட்டும் மாற்றி வரைந்தால் கோடு கிடையாகப் படுத்துவிடும், சாய்வு பூஜ்யம். செறிவு-நேர வரைபடம் சொன்னதையே வேறு வழியில் இது உறுதி செய்கிறது. ஆக,

வேகம் = k [CH₃COCH₃][H⁺]

மொத்த வகை இரண்டு. ரெக்கார்டு நோட்டில் ‘பூஜ்ய வகை வினை’ என்று எழுதப்பட்டிருந்த அதே வினைதான் இது.

மடக்கை-மடக்கை வரைபடம் என்ற பெயரில் நடக்கும் ஒரு பெரிய தவறையும் சொல்லியாக வேண்டும். வேகத்தைக் கணக்கிடாமல், செறிவின் மடக்கையை நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்து, அதன் சாய்வை வினை வகை என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நம் அயோடின் எண்களை ஒன்று முதல் ஏழாவது நிமிடம் வரை அப்படி வரைந்து கோடு பொருத்தினால் சாய்வு −1.14 வருகிறது. குறியை விட்டுவிட்டு ‘ஏறத்தாழ 1, எனவே முதல் வகை’ என்று எழுதத் தோன்றும். உண்மையில் பூஜ்யம்! அந்தச் சாய்வுக்கும் வினை வகைக்கும் உறவில்லை. பூஜ்ய வகையோ முதல் வகையோ, இந்த வரைபடத்தில் நேர்கோடாக வராது, முதல் நிமிடங்களில் தட்டையாகவும் பிறகு செங்குத்தாகவும் இறங்கும் வளைகோடுதான் வரும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு: பூஜ்ய நேரத்துக்கு மடக்கை கிடையாது என்பதால் தொடக்கப் புள்ளி வரைபடத்திலிருந்து காணாமல் போயிருக்கும். அச்சில் நேரம் இருந்தால் அது செறிவு-நேர வரைபடத்தின் குடும்பம். அச்சில் வேகம் இருந்தால்தான் சாய்வு வகையைச் சொல்லும்.

இத்தனையும் சேர்ந்து விவாதப் பகுதியில் எப்படி அமையும் என்று ஒரு பத்தியாக எழுதிப் பார்க்கிறேன்:

‘அசிட்டோனும் அமிலமும் மிகையாக இருந்த நிலையில், அயோடின் செறிவு 94 விழுக்காடு தீரும்வரை நேரத்தோடு நேர்கோட்டில் குறைந்தது, விலகல்களில் ஒழுங்கு எதுவும் இல்லை. இயல்மடக்கை வரைபடம் தெளிவாக வளைந்தது. எனவே அயோடினைப் பொறுத்து வினை வகை பூஜ்யம். நான்கு அசிட்டோன் செறிவுகளில் கிடைத்த சாய்வுகளை வேகங்களாகக் கொண்டு வரைந்த மடக்கை-மடக்கை வரைபடத்தின் சாய்வு 0.98 ± 0.06, அசிட்டோனைப் பொறுத்து வகை 1. அமிலத்தைப் பொறுத்தும் வகை 1. இம்முடிவுகள், வேகத்தைத் தீர்மானிக்கும் படி வரை அயோடின் வினையில் நுழைவதில்லை என்ற வழிமுறையுடன் ஒத்துப்போகின்றன.’

கடைசி வாக்கியத்தில் ‘ஒத்துப்போகின்றன’ என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். பூஜ்ய வகை என்பதால் அயோடின் வினையிலேயே பங்கேற்கவில்லை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் பழுப்பு நிறம் எங்கே போயிற்று? அமிலத்தின் துணையோடு அசிட்டோன் முதலில் ஈனால் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. அது மெதுவாக நடக்கும் படி. ஈனால் உருவான கணமே அயோடின் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ஒரு தோசைக்கல் உள்ள கடையில், எத்தனை பேர் இலை போட்டுக் காத்திருந்தாலும் தோசை இறங்கும் வேகம் கல்லைப் பொறுத்ததுதான். இங்கே காத்திருப்பது அயோடின். காத்திருக்கும் கடைசி ஆள் வரை வேகம் மாறாது. அயோடினின் கோடு அடிவரை நேராக இறங்கி, தீர்ந்ததும் சட்டென்று நிற்பது இதனால்தான்.

இந்த வழிமுறையை வரைபடம் நிரூபித்துவிடவில்லை. செறிவு பூஜ்ய வகையில் குறைவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். சூடான உலோகப் பரப்பில் அம்மோனியா சிதையும்போதும் நேர்கோடு வரும், அங்கே காரணம் பரப்பில் இடம் நிறைந்துவிடுவது. அசிட்டோன் விஷயத்தில் ஈனால் வழிமுறையை நம்ப வைப்பவை வேறு சான்றுகள். 1904-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆர்தர் லாப்வொர்த், அசிட்டோன் புரோமினுடன் வினைபுரியும் வேகம் புரோமின் செறிவைச் சார்ந்திருக்கவில்லை என்று கண்டு, அசிட்டோனுக்குள் நடக்கும் மெதுவான மாற்றமே வேகத்தைத் தீர்மானிக்கிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார். அயோடினும் புரோமினும் வினைத்திறனில் பெரிதும் வேறுபட்டவை. ஆனாலும் ஒரே அமிலச் செறிவில் அசிட்டோனுடன் இரண்டும் ஒரே வேகத்தில் வினைபுரிகின்றன. மெதுவான படியில் இரண்டுக்கும் இடமில்லை என்றால்தான் இது பொருந்தும். அசிட்டோனின் ஹைட்ரஜன்களை எடுத்துவிட்டு டியூட்டீரியம் வைத்தால் வேகம் பல மடங்கு குறைகிறது. அந்த ஹைட்ரஜன் பிணைப்பு முறிவதுதான் மெதுவான படியில் நடக்கிறது என்பதற்கு இது நேரடியான அடையாளம். வரைபடம் வேக விதியைத் தருகிறது. வழிமுறைக்கு இப்படிப்பட்ட சான்றுகளையும் சேர்க்க வேண்டும்.

இதே சோதனையை அமிலம் குறைத்துச் செய்தால் வரும் வரைபடம் பலரைக் குழப்புகிறது. அமிலம் 0.010 மோலார் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். அயோடின் தீர நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். செறிவு-நேரக் கோடு நேராக வராது, கீழ்நோக்கி வளையும். தொடக்கத்தில் மெதுவாக இறங்கி, போகப் போகச் செங்குத்தாகும். வளைந்துவிட்டதே, அப்படியானால் முதல் வகையோ இரண்டாம் வகையோ என்று மடக்கையும் தலைகீழியும் வரைந்து பார்ப்பவர்கள் எதிலும் நேர்கோடு காணாமல் திகைக்கிறார்கள். வளைவின் திசையைப் பார்த்தாலே விடை கிடைக்கும். முதல் வகையிலும் இரண்டாம் வகையிலும் செறிவு குறையக் குறைய வேகம் தளரும், கோடு தட்டையாகிக்கொண்டே போகும். இங்கே வேகம் கூடுகிறது. அயோடின் ஒவ்வொரு மூலக்கூறு தீரும்போதும் ஒரு ஹைட்ரஜன் அயோடைடு உண்டாகிறது, அதுவும் அமிலம். 0.40 மோலார் அமிலத்தில் இந்த 0.004 மோலார் சேர்ந்தால் ஒரு விழுக்காடு மாற்றம், கண்ணுக்குத் தெரியாது. 0.010 மோலாரில் சேர்ந்தால் அமிலம் 0.014 ஆகி, வேகம் 40 விழுக்காடு கூடிவிடுகிறது. வினை தன் வினையூக்கியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

அப்போதும் அயோடினைப் பொறுத்து வகை பூஜ்யம்தான். அதை அந்த வளைந்த கோட்டிலிருந்து நேரடியாகப் படிக்க முடியாது, அவ்வளவே. ஒவ்வொரு நேரத்திலும் உள்ள அமிலச் செறிவைத் தீர்ந்த அயோடினிலிருந்து கணக்கிட்டு, வேகத்தை அந்த அமிலச் செறிவால் வகுத்துப் பார்த்தால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே எண் வரும்.